பாட்டி, காய்கறிச் சந்தை, ஒரு கடினமான சொல்: சிறுவர் கதை எழுத முழுமையான வழிகாட்டி

ஒரு குழந்தைக்குப் புரியாத சொல் ஒன்று. அதைப் பாட்டி காய்கறிச் சந்தையில் வைத்துப் புரியவைக்கிறார். கேட்க எளிதான கதைதான். ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் கொண்டுவரும் கதைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் விழுந்துவிடுகின்றன. சந்தை பின்னால் ஒரு படமாக நிற்கிறது, பாட்டி முன்னால் நின்று அகராதி வாசிக்கிறார். சந்தையை எடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்தை வைத்தாலும் கதை மாறாது என்றால், அந்தக் காட்சி சொல்லுக்கு ஒன்றுமே செய்யவில்லை.

இதற்குக் காரணம் எழுதும் வரிசை. விளக்கத்தை முதலில் எழுதி, காட்சியை அதன்மேல் போர்த்துகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது. ‘தோராயம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, 7 வயதுக் குழந்தைக்கான கதை ஒன்றைக் கடைசிவரை கட்டிப் பார்க்கலாம்.

## 1. தொடங்கும் முன் வேண்டியவை

மூன்று இருந்தால் போதும். எந்த வயதுக்கு எழுதுகிறோம் என்ற முடிவு, சந்தையில் ஒரு கடை முன்னால் நின்று பார்த்து எழுதிய அரைப் பக்கக் குறிப்பு, கதையைக் கேட்க அந்த வயதில் நான்கைந்து குழந்தைகள்.

குறிப்பு எடுக்காமல் நினைவிலிருந்து எழுதுகிறவர்கள் ‘பச்சைப் பசேல் காய்கள்’, ‘ஒரே கூச்சல்’ என்று எழுதுவார்கள். கடைக்காரர் கை எதை எடுக்கிறது, எங்கே வைக்கிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும். கடைக்காரர் முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

## 2. சந்தை தாங்கும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கடினமான சொல்லையும் காய்கறிக் கடையில் காட்ட முடியாது. என் சோதனை இது: பேசாமல், கையால் மட்டும், கடையில் உள்ள பொருள்களை வைத்து அந்தச் சொல்லை நடித்துக் காட்ட முடியுமா?

தோராயம், உபரி, பற்றாக்குறை, தரம், பாரபட்சம் ஆகியவை தேறும். ஒரு தட்டில் நிறையவும் மறு தட்டில் கொஞ்சமும் வைத்தாலே பாதி புரிந்துவிடும். ‘மனசாட்சி’, ‘சுதந்திரம்’ தேறாது. அவற்றை எடுத்தால் பாட்டி பேசியே ஆகவேண்டும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நல்ல சொற்கள்தான், ஆனால் அவற்றுக்கு வேறு இடம் வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் சந்தையில் இயல்பாக யார் வாயிலாவது வருமா? ‘தோராயமா ஒரு கிலோ இருக்கும்’ என்பது யாரும் சொல்லக்கூடிய வாக்கியம். வலிந்து நுழைக்க வேண்டியதில்லை.

## 3. குழந்தை கொண்டிருக்கும் தவறான பொருளைப் பிடியுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிவிடுகிறார்கள். குழந்தைக்குச் சொல் தெரியாது என்று நினைத்து எழுதுகிறோம். பல நேரம் அதற்கு ஏதோ ஒரு பொருள் தெரியும், அது தவறாக இருக்கும். காலி இடத்தை நிரப்புவது ஒரு வேலை. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதை எழுப்பி அனுப்புவது வேறு வேலை.

எழுதும் முன் நான்கைந்து குழந்தைகளிடம் கேளுங்கள். ‘தோராயம்னா என்ன?’ என்று கேட்டால் ‘தெரியாது’ என்றுதான் வரும். ‘இந்தப் பாட்டில்ல தோராயமா எவ்வளவு தண்ணி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நான் கேட்டபோது ஒரு குழந்தை ‘கொஞ்சம்’ என்றது. ஒரு குழந்தை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டுச் சிரித்தது. ஒரு குழந்தை பதிலே சொல்லாமல், ‘தப்பாச் சொல்லக் கூடாது, அளந்துட்டுச் சொல்றேன்’ என்றது.

அந்த மூன்றாவது பதிலில்தான் கதை இருக்கிறது. சரியாகத் தெரியாவிட்டால் அது தப்பு என்று அந்தக் குழந்தை நினைக்கிறது. இரண்டாவது குழந்தையோ, சரியாகத் தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைக்கிறது. தோராயம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கதைக்கு இரண்டில் ஒன்றை முக்கியத் தவறாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் ‘தோராயம் என்றால் தப்பு’ என்பதை எடுத்துக்கொள்கிறேன், மற்றது நடுவில் தானாக வரும்.

## 4. பொருளை ஒரே வாக்கியத்தில் உங்களுக்காக எழுதி வையுங்கள்

இந்த வாக்கியம் கதையில் வராது. உங்கள் மேசையில் இருக்கும், ஒவ்வொரு காட்சியும் அதற்குச் சேவை செய்கிறதா என்று பார்க்க உதவும்.

என் வாக்கியம்: ‘தெரிந்த ஓர் அளவை மனதில் வைத்துக்கொண்டு, அளக்காமல், உண்மைக்குப் பக்கத்தில் சொல்வது தோராயம்.’

இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. தெரிந்த அளவு, அளக்காமல், பக்கத்தில். மூன்றும் கதையில் கண்ணால் பார்க்கிற செயல்களாக வரவேண்டும். முதல் துண்டை விட்டுவிட்டால் தோராயம் வெறும் ஊகமாகிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான்.

இங்கே ஒரு பொறி உண்டு. பொருள் சொல்ல ‘சுமார்’ என்ற சொல்லைப் பயன்படுத்தத் தோன்றும். வேண்டாம். ‘படம் சுமார்தான்’ என்று வீட்டில் கேட்கிற குழந்தைக்குச் சுமார் என்றால் அவ்வளவு நல்லதில்லை என்று பொருள். தோராயமும் மட்டமான ஒன்று என்று பதிந்துவிடும். ‘ஏறக்குறைய’ இந்த வயதுக்கு இன்னொரு கடினமான சொல். ‘கிட்டத்தட்ட’ பரவாயில்லை.

இவற்றைவிட நல்ல பாலம் ஒன்று குழந்தையின் பேச்சிலேயே இருக்கிறது. ‘நாலஞ்சு பேர் வந்தாங்க’, ‘ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன்’ என்று 5 வயதுக் குழந்தையே சொல்லும். அது தோராயம்தான். சொல் தெரியாமலே அந்தச் செயலைக் குழந்தை தினமும் செய்துகொண்டிருக்கிறது. கதையில் எங்காவது இதைத் தொட்டுவிடுங்கள்.

## 5. ஒரு கடை, ஒரு செயல், ஒரு கருவி

சந்தை முழுவதையும் சுற்றிவர வேண்டாம். ஐந்து கடையில் ஐந்து உரையாடல் வைத்தால், குழந்தைக்குக் காய்களின் பெயர்தான் நினைவில் நிற்கும். ஒரே கடை, அங்கே ஒரே செயல்: கையால் அள்ளுவது, தராசு காட்டுவது.

எந்தத் தராசு என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். எண் காட்டும் மின்னணுத் தராசு 9, 10 வயதுக்குப் பொருந்தும். 500-க்குப் பதில் 560 என்று வந்தால் 60 அதிகம் என்று அவர்கள் படித்துக்கொள்வார்கள். 7 வயதுக்கு அந்த எண்கள் சுமை. அவர்களுக்கு இரண்டு தட்டுத் தராசுதான் நல்லது. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் தக்காளி. தட்டு கொஞ்சம் சாய்ந்தால் ‘பக்கத்தில்’, நிறையச் சாய்ந்தால் ‘தள்ளி’, முள் நேராக நின்றால் ‘சரி’. ஒரு எண்கூட இல்லாமல் மூன்று நிலையும் கண்ணுக்குத் தெரிகிறது.

விலை பேசுகிற காட்சியைச் சேர்க்காதீர்கள். சந்தை என்றதும் பேரம்தான் முதலில் பேனாவுக்கு வரும். ஆனால் பணம் உள்ளே வந்ததும் குழந்தையின் கவனம் ‘பாட்டி ஜெயிச்சாங்களா’ என்பதற்குப் போய்விடும். எடைக்கு அப்புறம் இடமே இருக்காது.

நேரத்தையும் கவனியுங்கள். கடைக்காரர் ஒரு குழந்தையோடு நின்று பேச வேண்டும் என்றால் கூட்டம் குறைந்த வேளையாக இருக்க வேண்டும். காலை நெரிசலில் வைத்தால், கேட்கிற குழந்தையே ‘பின்னாடி நிக்கிறவங்க திட்ட மாட்டாங்களா?’ என்று கேட்டுவிடும். என்னிடம் அப்படி ஒரு குழந்தை கேட்ட பிறகுதான் அந்தக் கதையை நண்பகலுக்கு மாற்றினேன்.

## 6. முதல் காட்சியைச் சொல் இல்லாமலே எழுதுங்கள்

இப்போது எழுதலாம். நிபந்தனை ஒன்றுதான்: முதல் காட்சி முழுவதிலும் ‘தோராயம்’ வரக் கூடாது. செயல் முதலில் வந்துவிட்டால், பெயருக்கு ஓர் இடம் காலியாகக் காத்திருக்கும். பெயர் முதலில் வந்தால், குழந்தை அதை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடும்.

> நண்பகல். சந்தையில் கூட்டம் இல்லை.
>
> “அரைக் கிலோ தக்காளி குடும்மா” என்றார் பாட்டி.
>
> கடைக்கார அக்கா ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்தார். தக்காளிக் குவியலுக்குள் இரண்டு கைகளையும் விட்டார். எண்ணவில்லை. அள்ளியதை அப்படியே மறு தட்டில் போட்டார்.
>
> தக்காளித் தட்டு கொஞ்சம் கீழே இறங்கியது. முள் நேராக நிற்கவில்லை.
>
> அக்கா ஒரு பெரிய தக்காளியை எடுத்தார். ஒரு சின்னத் தக்காளியைப் போட்டார். முள் நேராக நின்றது.
>
> “பாட்டி, அக்கா முதல்ல தப்பாப் போட்டாங்க” என்றாள் வேணி.

கடைசி வரியைப் பாருங்கள். மூன்றாம் படியில் பிடித்த தவறு, வேணியின் வாயில் அப்படியே வந்துவிட்டது. அவள் கேள்வி கேட்கவில்லை, தீர்ப்புச் சொல்கிறாள். ‘பாட்டி, தோராயம் என்றால் என்ன?’ என்று குழந்தை கேட்டுத் தொடங்கும் கதைகளைவிட இது வேகமாக நகரும். கேட்கிற குழந்தையும், அவள் சொன்னது சரியா என்று உடனே யோசிக்க ஆரம்பிக்கும்.

இந்தக் காட்சியில் இரண்டு பிழைகள் அடிக்கடி வருகின்றன.

முதல் பிழை, முதல் அள்ளலிலேயே முள் நேராக நின்றுவிடுவது. ‘என்ன ஆச்சரியம், சரியாக அரைக் கிலோ!’ என்று எழுதிவிடுகிறார்கள். கடைக்காரரின் திறமையைக் காட்டும் ஆசைதான். ஆனால் அப்போது தோராயம் என்பது அதிர்ஷ்டம் என்றாகிவிடும். முதல் முறை கொஞ்சம் சாய வேண்டும், அந்தச் சாய்வுதான் சொல்லின் பொருள்.

இரண்டாவது பிழை, நிறையச் சாய்வது. நடுத்தரத் தக்காளி ஒன்று 100 கிராம் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோவுக்கு ஐந்து வரும். அக்கா ஐந்து அள்ளி, அதில் பெரியதை எடுத்துச் சின்னதைப் போட்டால் கணக்கு உட்காரும். பத்து அள்ளி ஐந்தைத் திருப்பிப் போட்டால், வேணி சொன்னதுதான் சரி: அக்கா தப்பாகவே போட்டார். கதையில் எண்ணைச் சொல்லாவிட்டாலும் உங்கள் குறிப்பில் இந்தக் கணக்கு இருக்கட்டும். ஓவியர் வரையும்போது ‘எத்தனை தக்காளி?’ என்று கேட்பார்.

## 7. சொல்லைப் பாட்டிக்கு முன் வேறொருவர் சொல்லட்டும்

சொல்லைக் கொண்டுவருவதும் அதை விளக்குவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் பாட்டியிடம் கொடுத்தால் அவர் ஆசிரியராகிவிடுவார். சொல் கடைக்கார அக்காவிடமிருந்து போகிற போக்கில் வரட்டும். வீட்டிலும் தெருவிலும் குழந்தைகள் சொற்களைப் பொறுக்கிக்கொள்வது அப்படித்தான்.

> அக்கா சிரித்தார். “தப்பு இல்ல பாப்பா. கை தோராயமாத்தான் எடுக்கும்.”
>
> “தோ… ராயமாவா?”
>
> “நீ எடேன் பார்க்கலாம்” என்றார் பாட்டி. “அரைக் கிலோ.”

வேணி சொல்லைத் தடுமாறிச் சொல்கிறாள். கேட்கிற குழந்தைக்கு அந்த ஒலி இரண்டாம் முறை, மெதுவாக, பிரித்துக் கிடைக்கிறது. பாட்டி பதில் சொல்லவில்லை, வேலை கொடுக்கிறார்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘தோராயம்’ பேச்சில் தனியாக வருவது குறைவு. தோராயமா, தோராயமாக, தோராயமான, தோராயத்துக்கு என்று உருமாறித்தான் வரும். பெரியவர்களுக்கு இவை ஒரே சொல். முதல் முறை கேட்கும் குழந்தைக்கு நான்கு சொற்கள். அதனால் காட்சி முடிவதற்குள் ஒரு முறையாவது ‘தோராயம்’ என்ற அடிவடிவம் தனியாக வரவேண்டும். மற்றபடி ‘தோராயமா’ என்ற ஒரே வடிவத்தோடு நின்றுவிடுங்கள். ‘தோராயத்தைக் கணக்கில் கொண்டு’ போன்ற வரி ஒன்று வந்தாலும் பிடி நழுவிவிடும்.

## 8. பாட்டி செய்யவைக்கட்டும், அப்புறம் பேசட்டும்

கதையின் மையம் இதுதான். இங்கே அவசரப்பட வேண்டாம்.

முதலில் வேணி அளவே இல்லாமல் எடுக்க வேண்டும். அப்போது அது ஊகம். அடுத்து பாட்டி அவள் கையில் ஒரு தெரிந்த அளவைக் கொடுக்க வேண்டும். அப்போது அது தோராயமாக மாறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தராசே சொல்லிவிடும்.

> வேணி இரண்டு தக்காளியை எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டு மேலேயே நின்றது. அசையவே இல்லை.
>
> “சும்மா எடுத்தேன்” என்றாள் வேணி.
>
> பாட்டி தராசிலிருந்து எடைக்கல்லை எடுத்தார். வேணியின் இடது கையில் வைத்தார். கை கீழே இறங்கியது.
>
> “இந்தக் கனம் தெரியுதா? வலது கையும் இப்படியே கனக்கணும். அதுவரைக்கும் தக்காளியைப் பையில போடு.”
>
> வேணி வலது கையில் பையைப் பிடித்தாள். பாட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.
>
> “போதும். ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கு.”
>
> தராசில் வைத்தார்கள். தக்காளித் தட்டு கொஞ்சமே கொஞ்சம் மேலே நின்றது.
>
> “அய்யோ, தப்பாயிடுச்சு!”
>
> “தப்பு இல்ல கண்ணு. சரியா அதே இல்ல, ஆனா ரொம்பத் தள்ளியும் இல்ல. இதுதான் தோராயம்.”

பாட்டி விளக்கியது மொத்தம் இரண்டே வாக்கியம், அடிவடிவமும் அதிலேயே வந்துவிட்டது. எடைக்கல் கையில் இருக்கும்போது அவர் என்ன செய்வது என்று சொன்னாரே தவிர, எதையும் விளக்கவில்லை.

எடைக்கல்லைக் கையில் கொடுக்கும் இந்தச் செயலை நான் உடனே கண்டுபிடிக்கவில்லை. முதல் வடிவத்தில் பாட்டி, ‘பழக்கத்தில் வரும் கண்ணு, அக்கா பல வருஷமா கடை வெச்சிருக்காங்க’ என்று சொல்லியிருந்தார். படித்துக் காட்டிய பிறகு குழந்தைகளிடம் கேட்டால், தோராயம் என்றால் ‘பெரியவங்களுக்கு மட்டும் தெரியும்’ என்றார்கள். கதை ஒரு புதுத் தவறான பொருளைக் கொடுத்திருந்தது. தெரிந்த அளவு ஒன்று குழந்தையின் கைக்கு வந்த பிறகுதான் அது சரியானது.

பாட்டியின் பேச்சில் நீக்க வேண்டியவை: ‘அதாவது’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும், ‘இப்போது புரிந்ததா?’ என்ற கேள்வியும். ‘அதாவது’ வந்ததும் பாட்டியின் குரல் போய்ப் பாடப்புத்தகத்தின் குரல் வந்துவிடுகிறது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் வேணி ‘புரிந்தது பாட்டி’ என்றுதான் சொல்லியாக வேண்டும். அந்த வரியால் யாருக்கும் எதுவும் புரிந்ததில்லை.

விளிச் சொற்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாட்டி கடைக்காரரை ‘அம்மா’ என்று அழைத்தால் கடைசிவரை அப்படியே இருக்கட்டும். வேணிக்கு அவர் அக்கா. கதைசொல்லி இருவரையும் ‘ஆர்’ விகுதியில் சொல்கிறார், வேணியை ‘ஆள்’ விகுதியில். பாதிக் கதையில் பாட்டி ‘சொன்னாள்’ என்று மாறினால், படித்துக் காட்டும் பெரியவர் தடுமாறுவார்.

## 9. சொல் எங்கே செல்லாது என்று காட்டுங்கள்

புதிதாக ஒரு சொல் கிடைத்ததும் குழந்தை அதை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்க்கும். எல்லை தெரியாத சொல் பாதி தெரிந்த சொல்தான். எல்லையை அதே கடையில், இரண்டு மூன்று வரிகளில் காட்டிவிடலாம்.

> “மூணு எலுமிச்சை குடும்மா” என்றார் பாட்டி.
>
> “தோராயமா மூணா?” என்று கேட்டாள் வேணி.
>
> அக்கா மூன்று எலுமிச்சையை வரிசையாக வைத்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு. இதுல என்ன தோராயம்?”
>
> வேணி அக்காவுக்குப் பின்னால் பார்த்தாள். பெரிய கூடை நிறைய எலுமிச்சை. “அதுல எத்தனை இருக்கும்?”
>
> “எண்ணலையே! தோராயமா இருநூறு இருக்கும்.”

அதே எலுமிச்சைதான். மூன்றாக இருந்தால் தோராயம் செல்லாது, கூடை நிறைய இருந்தால் செல்லும். பொருளை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றியதால், எல்லை எங்கே இருக்கிறது என்று குழந்தை தானே பார்த்துக்கொள்கிறது. எல்லைக்காக வேறு கடைக்கோ வேறு காய்க்கோ போனால், வித்தியாசம் காயில் இருக்கிறதா எண்ணிக்கையில் இருக்கிறதா என்று குழம்பும்.

வேணி இங்கே தவறாகப் பயன்படுத்துவதை வைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. தவறு செய்யும் உரிமை கதையில் இருக்கும் குழந்தைக்கு இருந்தால்தான், கேட்கிற குழந்தையும் அந்தச் சொல்லைத் துணிந்து பயன்படுத்தும்.

## 10. சந்தைக்கு வெளியே குழந்தை தானே சொல்லட்டும்

கடைசிக் காட்சி தராசு இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். தராசு முன்னாலேயே முடித்தால் தோராயம் என்பது எடைக்கான சொல் என்று பதிந்துவிடும்.

> “வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாட்டி?”
>
> “நீ சொல்லு.”
>
> வேணி வீட்டுக் கதவைப் பார்த்தாள். பக்கத்து மரம் வரை நடந்தாள். பத்து அடி. மறுபடி கதவைப் பார்த்தாள்.
>
> “தோராயமா நூறு அடி வைக்கணும்.”
>
> இருவரும் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். நூறு. நூற்று ஒன்று. நூற்று இரண்டு…
>
> நூற்று எட்டாவது அடியில் வாசல் வந்தது.
>
> வேணி தப்பு என்று சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மரம் வரை நடப்பதுதான் இங்கே எடைக்கல். வேணி ஒரு தெரிந்த அளவைத் தானே தேடிக்கொள்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. இதை எடுத்துவிட்டால் நூறு என்பது வாய்க்கு வந்த எண்ணாகிவிடும்.

நூறு அடியில் சரியாக வாசல் வந்துவிடுமாறு முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் காட்சியில் சொன்ன அதே காரணத்துக்காகக் கூடாது. நாற்பதில் வந்தாலும் கூடாது. கொஞ்சம் தள்ளி வர வேண்டும், வேணி அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வேண்டும். அவள் ‘தப்பு’ என்று சொல்லாததே அவள் மாறியதற்கு அடையாளம். ‘அன்றிலிருந்து வேணிக்குத் தோராயம் புரிந்தது’ என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

## 11. மொழியைச் சுத்தம் செய்யுங்கள்

வாய்விட்டுப் படியுங்கள். கதைசொல்லியின் வரிகள் எழுத்துத் தமிழிலும், உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருப்பது குழந்தைக்குச் சிரமமில்லை. சிரமம் வருவது இரண்டும் ஒரே வரியில் கலக்கும்போது. ‘“அக்கா தவறாகப் போட்டுட்டாங்க” என்றாள்’ என்று எழுதினால், பாதி வாய்க்குள் நுழையாது.

கூட்டுச் சொற்களைப் பிரித்து எழுதுங்கள். ‘எவ்வளவிருக்குமென்று’ என்பது ‘எவ்வளவு இருக்கும் என்று’ ஆகட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் நீண்ட சொல் ஒரு சுவர். ஏற்கெனவே நீளமான புதுச் சொல் ஒன்று கதையில் இருக்கிறது, மற்றவை அதற்கு வழிவிட வேண்டும். அதே காரணத்துக்காகக் கதையில் இன்னொரு கடினமான சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். என் முதல் வடிவத்தில் ‘துல்லியமாக’ என்று ஒரு இடத்தில் இருந்தது. குழந்தைகள் தோராயத்தை விட்டுவிட்டு அதைப் பற்றிக் கேட்டார்கள். ‘சரியா’ போதுமானது.

## 12. படித்துக் காட்டிச் சோதியுங்கள்

கதையைக் கேட்ட குழந்தையிடம் ‘தோராயம்னா என்ன?’ என்று கேட்க வேண்டாம். நன்றாகப் புரிந்த குழந்தைக்கும் வரையறை சொல்ல வராது. அதற்குப் பதில் இரண்டு சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, பென்சில்கள் உள்ள டப்பா ஒன்றைக் காட்டி, ‘எண்ணாம, தோராயமா எத்தனைன்னு சொல்லு’ என்று கேளுங்கள். பதிலைவிடக் கண்ணைக் கவனியுங்கள். டப்பாவைப் பார்த்து, கொஞ்சம் நின்று, பிறகு சொன்னால் புரிந்திருக்கிறது. பார்க்காமலே எண் வந்தால் எட்டாம் படியில் எடைக்கல் காட்சி பலவீனமாக இருக்கிறது, அங்கே போய் வேணி கனத்தை உணரும் வரிகளைக் கூட்டுங்கள். சொல்லத் தயங்கி எண்ண ஆரம்பித்தால் ‘தப்பு’ என்ற பயம் போகவில்லை. முதல் காட்சியில் தட்டு சாய்ந்தபோது அக்கா எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். அவர் பதறினாலோ மன்னிப்புக் கேட்டாலோ நீக்குங்கள். சிரித்தபடி ஒரு தக்காளியை மாற்றிப் போட்டால் போதும்.

இரண்டாவது சோதனையில் மூன்று வாக்கியங்களைச் சொல்லி, எது சரியாக இருக்கிறது என்று கேளுங்கள். ‘இந்த வாளியில தோராயமா பத்து டம்ளர் தண்ணி பிடிக்கும்.’ ‘மரத்துல தோராயமா அம்பது காக்கா இருந்துச்சு.’ ‘என் பேரு தோராயமா வேணி.’

மூன்றாவது வாக்கியத்துக்குக் குழந்தை சிரித்தால் கதை வேலை செய்துவிட்டது. சிரிக்காமல் யோசித்தால் எலுமிச்சைக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள். என்னிடம் ஒரு குழந்தை சிரித்துவிட்டு, ‘என் வயசு தோராயமா ஏழு, ஏன்னா அடுத்த வாரம் எட்டு’ என்றது. அந்த வரியைக் கதையில் சேர்க்க இடம் தேடினேன், கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் இருக்கிறது.